பழைய கம்பெனி மூடிவிட்டது, தேதி இடிக்கிறது: பி.ஜி.வி.க்கு முன்பு ரெக்ரூட்டரிடம் என்ன சொல்வது?

ஆட்சேர்ப்பு வேலையில் இருப்பதால் ஆஃபர் கிடைத்த சந்தோஷம் அடங்குவதற்குள் வரும் போன்கள் எனக்குப் பழக்கம். பழைய வேலை பற்றி நீங்கள் சொன்னது சரிதானா என்று புதிய கம்பெனி பார்க்கும் சரிபார்ப்பு, அதாவது பி.ஜி.வி., பற்றிய பயம்தான் காரணம். ரிலீவிங் லெட்டரில் ஒரு தேதி, ரெஸ்யூமேயில் வேறு தேதி. அல்லது முதல் கம்பெனிக்கு இப்போது பூட்டு. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். எல்லாமே இந்தியாவில் உள்ள தனியார் வேலைகளைப் பற்றியது.

பி.ஜி.வி.ல தேதியெல்லாம் நாள் கணக்கா பார்ப்பாங்களா, இல்ல மாசம் வருஷம் மட்டும்தானா?

நாள் கணக்காகத்தான். ரெஸ்யூமேயில் "ஜூன் 2018 முதல்" என்று எழுதியிருப்பீர்கள், அதை யாரும் பெரிதாக ஒப்பிடுவதில்லை. ஆஃபருக்குப் பிறகு சரிபார்ப்பு நிறுவனம் ஒரு படிவம் அனுப்பும். அதில் சேர்ந்த நாள், கடைசி வேலை நாள், எம்ப்ளாயி ஐ.டி., பதவி, சம்பளம், மேலாளர் பெயர், வேலையை விட்ட காரணம் எல்லாம் கேட்பார்கள். நீங்கள் அங்கே நிரப்பியதை அப்படியே பழைய கம்பெனியின் எச்.ஆருக்கு அனுப்பி "இது சரியா?" என்று கேட்பார்கள். வரும் பதில் ஒரு பக்கம், நீங்கள் எழுதியது மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, உறுதி செய்ய முடியாவிட்டால் மஞ்சள்.

எத்தனை நாள் வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்வார்கள் என்பதை முடிவு செய்வது உங்களை வேலைக்கு எடுக்கும் கம்பெனி, சரிபார்ப்பு நிறுவனம் இல்லை. சில இடங்களில் ஒரு மாதம் வரை கண்டுகொள்ள மாட்டார்கள். வங்கி வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் டீமில் நாலு நாளுக்கும் விளக்கம் கேட்பார்கள். அந்த எல்லை எது என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள், அதனால் அதை யூகித்து விளையாட வேண்டாம்.

ஒரு மாசம்தான் வித்தியாசம். அதைப் போய் நானே சொல்லணுமா? அவங்களா கண்டுபிடிச்சா பார்த்துக்கலாமே?

சொல்லுங்கள். படிவத்தை நிரப்பும் முன் நீங்கள் சொன்னால் அது ஒரு திருத்தம். ரெக்ரூட்டர் ரெஸ்யூமேயின் புதிய பிரதியைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அறிக்கையில் சிவப்பாக வந்த பிறகு சொன்னால் அது விளக்கம், அதுவும் மாட்டிக்கொண்ட பிறகு தரும் விளக்கம். அப்போது கோப்பு ரெக்ரூட்டர் கையில் இருக்காது, உங்களை நேரில் பார்த்தே இராத இணக்கப் பிரிவு ஆள் ஒருவரின் மேசையில் இருக்கும்.

இன்னொன்று, பல கம்பெனிகளில் அறிக்கை முழுதாக வருவதற்குள் வேலையில் சேர்த்துவிடுகிறார்கள். பழைய வேலையை ராஜினாமா செய்து, புதிய இடத்தில் ஒரு மாதம் வேலை பார்த்த பிறகு சிவப்பு வந்தால் திரும்பிப் போக இடமில்லை.

ஆஃபர் லெட்டர்ல ஒரு தேதி, ரிலீவிங் லெட்டர்ல ஒரு தேதி, பி.எஃப்.ல வேற தேதி. இதுல எதுதான் என் தேதி?

நீங்கள் உண்மையில் வேலைக்குப் போன முதல் நாளும், கம்பெனி ஏட்டில் இருக்கும் கடைசி வேலை நாளும். ஆஃபர் லெட்டரில் இருப்பது வரச் சொன்ன தேதி. செமஸ்டர் பரீட்சை தள்ளிப்போய் இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்திருந்தால் அந்த இரண்டாவது தேதிதான் கணக்கு. அதேபோல ரிலீவிங் லெட்டரின் தலைப்பில் இருக்கும் தேதியைப் பார்த்துப் படிவத்தை நிரப்புகிறவர்கள் ஏராளம். அது கடிதம் அச்சடித்த நாள். உள்ளே, உங்களை எந்த நாளின் அலுவல் நேரம் முடிந்ததும் விடுவித்தார்கள் என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள்.

பி.எஃப். தேதிக்கு வேறு கதை. கம்பெனி தன் வசதிக்கு மாதக் கடைசியை வெளியேறிய நாளாகப் போட்டிருக்கும், அல்லது போடாமலே விட்டிருக்கும். இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் `View` பட்டியலில் `Service History` என்று ஒன்று உண்டு. ரெக்ரூட்டரிடம் வாயைத் திறக்கும் முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சரிபார்க்கிறவர்களும் இப்போதெல்லாம் உங்கள் பி.எஃப். எண்ணான யு.ஏ.என். வாங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் தேதி இதிலிருந்து மாறுபட்டால் தவறில்லை, ஏன் மாறுபடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எப்ப சொல்றது? இன்டர்வியூலயே சொன்னா எடுக்காம விட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு.

ஒரு மாத வித்தியாசத்தை முதல் சுற்றில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. டெக்னிக்கல் சுற்றில் உட்காருகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எச்.ஆர். சுற்று முடிந்து, சம்பளம் பேசி, டாக்குமெண்ட் கேட்டு மெயில் வருமே, அதற்குப் பதில் அனுப்பும்போது சொல்லுங்கள். அதுதான் கடைசி நல்ல நேரமும்கூட. சரிபார்ப்புப் படிவத்தையும் ஒப்புதல் கடிதத்தையும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு ரெக்ரூட்டர் கையிலிருந்து விஷயம் போய்விடும்.

ஒரு விதிவிலக்கு. திருத்தினால் மொத்த அனுபவம் வேலைக்குக் கேட்ட வருடத்துக்குக் கீழே போகிறது என்றால் (மூன்று வருடம் கேட்டார்கள், உங்களுக்கு உண்மையில் இரண்டு வருடம் பத்து மாதம்) ஆஃபருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே தேதி தப்பில்லை, தகுதி தப்பு என்று ஆகிவிடும்.

ரெக்ரூட்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். "பரவால்ல, பார்த்துக்கலாம்"னு சொன்னாங்க. போதாதா?

போதாது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதம் அவரே வேலை மாறிப் போயிருக்கலாம். வெளி ஏஜென்சி ரெக்ரூட்டர் என்றால் அவர் சொல்வது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன், ஆகவே எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்.

போனில் பேசி முடித்த அன்றே, "இன்று பேசியது போல" என்று தொடங்கி ஒரு மெயில் போடுங்கள். ஏஜென்சி மூலம் வந்திருந்தால் கம்பெனி எச்.ஆரையும் சி.சி.யில் வையுங்கள். வாட்ஸ்அப் செய்தி ஒன்றுமில்லாததற்குத் தேவலை, அவ்வளவுதான்.

சரி, மெயில்ல என்னதான் எழுதறது? ஒரு உதாரணம் குடுங்க.

கோயம்புத்தூரில் டெஸ்டராக வேலை பார்த்த ஒரு பெண்ணின் விஷயத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரெஸ்யூமேயில் முதல் கம்பெனிக்கு ஜூன் 2018 முதல் டிசம்பர் 2020 வரை என்று இருந்தது. ஆஃபர் லெட்டரில் சேரும் நாள் 4-6-2018, அவர் சேர்ந்தது 18-6-2018. ராஜினாமாவை ஏற்று வந்த மெயிலில் கடைசி நாள் 13-11-2020. அக்டோபர் சம்பளம் நவம்பர் 9 அன்று வங்கிக்கு வந்தது, நவம்பர் சம்பளம் வரவே இல்லை. பி.எஃப். பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் கட்டிய மாதம் செப்டம்பர், ஏனென்றால் அக்டோபரில் பிடித்த பணத்தைக் கம்பெனி கட்டவில்லை. வெளியேறிய தேதி காலி. ரிலீவிங் லெட்டர் தருகிறோம் என்று டிசம்பர் வரை இழுத்தடித்துவிட்டு ஆபீஸைக் காலி செய்துவிட்டார்கள். டிசம்பர் என்று ரெஸ்யூமேயில் வந்தது இப்படித்தான்.

அவர் அனுப்பிய மெயிலின் சாரம் இது (நீங்கள் வழக்கம்போல ஆங்கிலத்தில் எழுதுங்கள்):

"நான் அனுப்பிய ரெஸ்யூமேயில் முதல் கம்பெனியின் முடிவு மாதம் டிசம்பர் 2020 என்று இருக்கிறது, அது தவறு. சரியான காலம் 18-6-2018 முதல் 13-11-2020 வரை. ராஜினாமா ஏற்பு மெயில் இணைத்துள்ளேன். அடுத்த கம்பெனியில் 4-1-2021 அன்று சேர்ந்தேன். இடையில் ஏழு வாரம் வேலையில் இல்லை. முதல் கம்பெனி இப்போது செயல்பாட்டில் இல்லை, கம்பெனி விவகார அமைச்சகமான எம்.சி.ஏ.வின் தளத்தில் அதன் நிலை `Strike Off`. ரிலீவிங் லெட்டர் கிடைக்கவில்லை. பேஸ்லிப், வங்கிக் கணக்கு விவரம், பாஸ்புக் இணைத்துள்ளேன். பாஸ்புக்கில் செப்டம்பர் 2020 வரை மட்டுமே இருக்கும், அக்டோபர் தொகை கட்டப்படவில்லை. சரிபார்ப்புப் படிவத்தில் மேற்கண்ட தேதிகளையே நிரப்புகிறேன். திருத்திய ரெஸ்யூமே இணைப்பில்."

அந்த ஏழு வாரத்தைக் கவனியுங்கள். தேதியைத் திருத்தினால் பெரும்பாலும் ஓர் இடைவெளி திறக்கும், அதையும் அதே மெயிலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப்போய் இன்னொரு கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும். அப்புறம், முதலாளி ஏமாற்றியது, அப்போது வீட்டில் இருந்த கஷ்டம் எதுவும் இந்த மெயிலில் இல்லை. அதெல்லாம் உண்மைதான், ஆனால் கோப்பைப் படிப்பவருக்குத் தேவைப்படாது.

பழைய கம்பெனியே இல்ல. அப்போ யார்கிட்ட கேட்டு வெரிஃபை பண்ணுவாங்க?

எச்.ஆர். மெயிலுக்கு அனுப்புவார்கள், திரும்பி வரும். போன் செய்வார்கள், எடுக்க ஆள் இருக்காது. சில சமயம் முகவரிக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள், அங்கே இப்போது டியூஷன் சென்டர் நடக்கும். கடைசியில் "உறுதி செய்ய இயலவில்லை" என்று மஞ்சளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இந்த ஓட்டத்துக்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும், அதற்குள் உங்கள் சேரும் தேதி தள்ளிப்போகும்.

முன்கூட்டியே மூடிய கம்பெனி என்று சொன்னால் முதல் நாளே வேறு வழியில் போவார்கள்: யாரும் இல்லாத எச்.ஆரைத் தேடாமல், பி.எஃப்., வருமான வரி, வங்கி என்று மூன்றாம் ஆள் வைத்திருக்கும் பதிவுகளைப் பார்ப்பார்கள். நல்ல சரிபார்ப்பு நிறுவனங்களிடம் இதற்கென்றே தனி நடைமுறை உண்டு, நீங்கள் சொன்னால்தான் அது தொடங்கும்.

மூடிட்டாங்கன்னு நான் எப்படி நிரூபிக்கிறது?

பிரைவேட் லிமிடெட் என்றால் எம்.சி.ஏ. தளத்தில் கம்பெனி விவரம் பார்க்கும் பக்கத்தில் பெயரையோ சி.ஐ.என்.ஐயோ போட்டால் நிலை தெரியும். சி.ஐ.என். என்பது எழுத்தும் இலக்கமுமாக 21 இடங்கள் கொண்ட கம்பெனிப் பதிவு எண், உங்கள் பழைய ஆஃபர் லெட்டரின் அடியிலேயே அச்சடித்திருக்கும். பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தால் `Strike Off`, வேறு கம்பெனியோடு இணைத்திருந்தால் `Amalgamated` என்று காட்டும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயிலில் இணைத்தால் முடிந்தது. தனி முதலாளி நடத்தியது, பார்ட்னர்ஷிப் என்றால் எம்.சி.ஏ.யில் இருக்காது, ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவு ரத்தாகியிருப்பதைக் காட்டலாம்.

கவனிக்க ஒன்று: ஆபீஸைப் பூட்டிய அன்றே பதிவேட்டில் இருந்து நீக்க மாட்டார்கள். வருடங்கள் ஆகலாம். ஆள் அரவமே இல்லாத கம்பெனி தளத்தில் `Active` என்று நிற்பது சகஜம். அப்படியிருந்தால் "கம்பெனி மூடப்பட்டது" என்று எழுதாதீர்கள், உங்கள் வார்த்தைக்கு எதிராக அரசுப் பதிவே நிற்கும். "சட்டப்படி பதிவு இருக்கிறது, ஆனால் 2021 முதல் அலுவலகம் இயங்கவில்லை, எச்.ஆர். மெயில் வேலை செய்யவில்லை" என்று இருப்பதை இருப்பது போல எழுதுங்கள். இணைக்கப்பட்டதோ பெயர் மாறியதோ என்றால் அது மூடிய கம்பெனியே இல்லை, புதிய பெயரில் இருக்கும் எச்.ஆரிடம் பழைய ஏடு இருக்கும்; அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

ரிலீவிங் லெட்டரே குடுக்கல. வேற என்ன வெச்சு சமாளிக்கிறது?

வருமான வரித் தளத்தில் இருந்து `Form 26AS` எடுங்கள். உங்கள் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால் கம்பெனியின் பெயர், வரி பிடிப்பதற்கான அதன் டி.ஏ.என். எண், எந்தத் தேதிகளில் பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கம்பெனி மூடினாலும் அந்தப் பதிவு அழியாது. `Form 16` கையில் இருந்தால் அதன் `Part A`யில் அந்த நிதியாண்டில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை அங்கே வேலை பார்த்தீர்கள் என்றே போட்டிருக்கும். சம்பளம் குறைவாக இருந்து வரியே பிடிக்கவில்லை என்றால் வங்கிக் கணக்கு விவரம்தான்; மாதாமாதம் கம்பெனி பெயரில் வந்த வரவைக் குறித்து அனுப்புங்கள், மற்ற வரவு செலவுகளை மறைத்தாலும் தப்பில்லை, ஆனால் பி.டி.எஃப்.பில் எழுத்தை மாற்றவே மாற்றாதீர்கள்.

கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவர்களுக்குத்தான் உண்மையில் கஷ்டம். பி.எஃப். இல்லை, வரி இல்லை, வங்கி இல்லை. அங்கே இருந்த மேலாளரோ உடன் வேலை பார்த்தவரோ பேசத் தயார் என்றால் பெயரும் எண்ணும் கொடுக்கலாம், ஜிமெயிலில் இருந்து அவர் அனுப்பும் பதிலுக்கு மதிப்பு குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அனுபவத்தைக் கணக்கில் சேர்க்காமலும் எடுப்பார்களா என்று ரெக்ரூட்டரிடம் நேராகக் கேட்டுவிடுவது பல சமயம் சீக்கிரம் முடியும் வழி.

பி.எஃப்.ல எக்சிட் டேட் காலியா இருக்கு. நானே போட்டுரலாமாமே?

போடலாம். கடைசியாகப் பணம் வந்து இரண்டு மாதம் கழிந்த பிறகு, `Manage` பட்டியலில் `Mark Exit` வழியாக ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்து நீங்களே பதியலாம். ஆனால் கடைசிப் பணம் வந்த மாதத்துக்குள்தான் தேதி போட விடும். மேலே சொன்ன பெண்ணுக்கு அது செப்டம்பர். அவர் போட்டிருந்தால் அரசுப் பதிவில் செப்டம்பரில் வெளியேறியதாகவும் படிவத்தில் நவம்பர் என்றும் புதிதாக ஒரு இடி இடித்திருக்கும். போட்டதை மாற்றுவதும் லேசில்லை. பி.ஜி.வி. முடியும் வரை காலியாக விட்டு, காரணத்தை மெயிலில் சொன்னது நல்லதாகப் போயிற்று. கடைசிப் பணமும் கடைசி வேலை நாளும் ஒரே மாதத்தில் இருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

ரெண்டு கம்பெனி தேதியும் பத்து நாள் ஒண்ணு மேல ஒண்ணு விழுது. டபுள் எம்ப்ளாய்மெண்ட்னு சொல்லிருவாங்களா?

உண்மையில் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் பெரும்பாலும் பழைய கம்பெனி மாதக் கடைசியை வெளியேறிய நாளாகப் போட்டதால் வருவது. ரிலீவிங் லெட்டரின் உள்ளே இருக்கும் தேதியும், முழுக் கணக்கு முடித்த தாளில் எத்தனை நாள் சம்பளம் என்பதும் உங்களைக் காப்பாற்றும். அந்த இரண்டையும் இணைத்து முன்கூட்டியே சொல்லுங்கள்.

மிச்சமிருந்த லீவில் இருக்கும்போதே புதிய இடத்தில் சேர்ந்திருந்தால், அது ஏட்டின்படி ஒன்றன் மேல் ஒன்று விழுவதுதான், மறுக்க முடியாது. பத்து நாள் என்றால் நடந்ததைச் சொன்னால் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆறு மாதம் இரண்டு சம்பளம் வாங்கியிருந்தால் அதற்கு எந்த மெயிலும் உதவாது.

பேசாம அந்த மூடின கம்பெனியையே ரெஸ்யூமேல இருந்து தூக்கிட்டா?

யு.ஏ.என். ஒன்றுதான், பி.எஃப். பிடித்த எல்லா இடமும் அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் சொல்லாத ஒரு கம்பெனி அங்கே இருந்தால் மறைத்ததாகத்தான் எழுதுவார்கள். மூடிய கம்பெனியைச் சொன்னால் மோசமாகப் போனாலும் மஞ்சள், மறைத்து மாட்டினால் சிவப்பு. ரெஸ்யூமேயில் இடமில்லை என்றால் விடலாம், ஆனால் சரிபார்ப்புப் படிவம் "அனைத்து வேலைகளும்" என்று கேட்டால் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒருத்தர் மூடின கம்பெனி பேர்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தரேன், கேள்வியே வராதுங்கறார்...

வரும். எந்தெந்தப் பெயரில் போலிக் கடிதம் சுற்றுகிறது என்று சரிபார்ப்பு நிறுவனங்கள் ஒரு பட்டியலே வைத்திருக்கின்றன. நீங்கள் உண்மையில் வேலை பார்த்த கம்பெனிக்கே வெளியாளிடம் கடிதம் வாங்கினால்கூட, உண்மையான அனுபவமும் சேர்ந்து போலிக் கணக்கில் போய்விடும். கடிதம் இல்லை என்று சொல்வது இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு.

நான் ஏற்கனவே தப்பான தேதியோட ஃபார்ம் சப்மிட் பண்ணிட்டேன். இப்ப என்ன பண்றது?

இன்றைக்கே ரெக்ரூட்டருக்கும் சரிபார்ப்பு நிறுவனத்தின் மெயிலுக்கும் சேர்த்து எழுதுங்கள். மேலே உள்ள மெயில்தான், முதல் வரி மட்டும் "நேற்று நிரப்பிய படிவத்தில்" என்று மாறும். பழைய எச்.ஆரின் பதில் வருவதற்குள் உங்கள் மெயில் போய்விட்டால் பெரும்பாலும் படிவத்தைத் திரும்பத் திறந்து கொடுப்பார்கள். திறக்காவிட்டாலும் அறிக்கையின் குறிப்புப் பகுதியில் "விண்ணப்பதாரர் முன்பே தெரிவித்தார்" என்று ஏறும்.

சிவப்பே வந்துவிட்டது என்றால் விளக்கம் கேட்டு மெயில் வரும், பதில் சொல்ல இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள். அதில் புதிதாக ஒரு தேதியைச் சொல்லாதீர்கள். மூன்றாவதாக ஒரு தேதி வந்தால் முதல் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆதாரத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்லி, அந்தத் தாளின் பெயரையும் பக்கத்தையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.